மணிக்கட்டில் பட்டை, கணுக்காலில் கொசு!

மழைக்காலம் தொடங்கினால் ஃபேன்சி ஸ்டோர்களில் கலர் கலராக ரப்பர் பட்டைகள் தொங்க ஆரம்பிக்கும். பச்சை, மஞ்சள், ஊதா என்று குழந்தைகளைக் கவரும் நிறங்கள். முகர்ந்து பார்த்தால் எலுமிச்சைப் புல் வாசனை. ‘கையில் கட்டினால் போதும், கொசு கிட்டவே வராது’ என்று அட்டையில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே சட்டையில் ஒட்டிக்கொள்ளும் பொம்மை ஸ்டிக்கர்கள். காசே செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு, கொசுவை விரட்டும் ஒலி எழுப்புவதாகச் சொல்லும் ஆப், செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம், ராஜகுளத்தில் ஒரு வீட்டுக்கு இந்த மூன்றுமே வந்து சேர்ந்தன. அந்த வீட்டுப் பேரனுக்கு எட்டு வயது. போன வருடம் ஐப்பசி மழையில் அவனுக்கு டெங்கு வந்து, காஞ்சிபுரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஒரு கொசு ரீங்காரம் கேட்டாலே அவன் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால், அந்த வகை மறுபடி தாக்காதபடி உடம்பு நீண்ட காலம் காத்துக்கொள்ளும். ஆனால் மற்ற மூன்றும் வரலாம். அப்படி இரண்டாவது முறை வேறு வகை வரும்போது, காய்ச்சல் தீவிரமாக மாறும் வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். ஒருமுறை டெங்கு வந்த பிள்ளைதான் கொசுக்கடியிலிருந்து இன்னும் கவனமாகக் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை.

அதனால் பட்டை வாங்கிக் கட்டினார். ஸ்டிக்கரைப் பள்ளிச் சட்டையின் காலரில் ஒட்டினார். சாயங்காலம் அவன் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் செல்போனில் ஆப்பை ஓடவிட்டார். ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு ஒருநாள் பையனின் ஆயாதான் கவனித்துச் சொன்னார்.

“ஏம்மா, கையில வளையல் மாதிரி கட்டி வுட்டுருக்கியே, புள்ள கால பாரு. கணுக்கால் பூரா தடிப்பு தடிப்பா கெடக்குது.”

“காலையில கட்டினதுதானே அத்தை, வாசனைகூட இன்னும் போகல.”

“வாசனை நமக்கு வருது. கொசுவுக்கு வந்தா மாதிரி தெரியலியே!”

ஆயா போகிற போக்கில் சொன்னதைத்தான் ஆராய்ச்சிக்கூடங்களும் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கின்றன.

கையைக் கூண்டுக்குள் விட்டவர்கள்

கொசு விரட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவில் மார்க் ஃப்ராடின் என்ற தோல் மருத்துவரும் ஜோனதன் டே என்ற பூச்சியியல் அறிஞரும் செய்தது. 2002-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசு.

சோதனை முறை எளிமையானது. ஒரு கூண்டுக்குள் பசியோடு இருக்கும் பத்துப் பெண் கொசுக்கள். 15 தன்னார்வலர்கள். விரட்டியைப் பூசிய, அல்லது பட்டையைக் கட்டிய கையைக் கூண்டுக்குள் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். கடிக்கவில்லை என்றால் வெளியே எடுத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும். முதல் கடி விழும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரம்தான் அந்தப் பொருள் தரும் பாதுகாப்பு.

24 சதவீதம் அளவுக்கு டீட் என்ற ரசாயனம் கலந்த பூச்சு சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா என்கிற புல் எண்ணெய் கலந்த பூச்சுகள் 20 நிமிடத்துக்குள் கைவிட்டுவிட்டன. மணிக்கட்டுப் பட்டைகள்? அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையை உள்ளே விட்டதுமே கடி விழுந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சோதித்த பட்டைகளில் ஒன்று புல் எண்ணெய்ப் பட்டை அல்ல. அதில் ஊறியிருந்தது டீட். தோலில் பூசினால் மணிக்கணக்கில் காக்கும் அதே ரசாயனம், பட்டையில் இருந்தபோது உதவவில்லை. ‘இயற்கை எண்ணெய்க்கு வீரியம் போதாது, அதனால் தோற்றது’ என்று சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது இருக்கும் இடம் தப்பாக இருந்தால் பலன் இல்லை.

ஏன் அப்படி?

கொசு நம்மைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைப் பல மீட்டர் தூரத்திலிருந்தே அது உணர்ந்துவிடும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும். கிட்டே வந்ததும் தோலின் வாசனை, உடம்புச் சூடு, ஈரம் ஆகியவற்றை வைத்து எங்கே உட்காரலாம் என்று முடிவுசெய்யும்.

தோலில் பூசும் விரட்டி இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் குறுக்கிடுகிறது. தோலுக்கு மேலே மெல்லிய ஆவிப் படலமாக நின்று, உட்கார வரும் கொசுவைக் குழப்பித் திருப்பி அனுப்புகிறது. அந்தப் படலம் பூசிய இடத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர்தான் எட்டும். முழங்கை வரை கிரீம் தடவிக்கொண்டு மேலே விட்டுவிட்டால், கொசு மேல்கையில் நிதானமாகக் கடித்துவிட்டுப் போகும்.

இப்போது பட்டையை யோசித்துப் பாருங்கள். மணிக்கட்டில் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வாசனை மணிக்கட்டைச் சுற்றி இருக்கும் கொஞ்சம் தோலைக் காத்தாலே பெரிது. லேசாகக் காற்று வீசினால் அதுவும் கலைந்துவிடும். ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் தரையை ஒட்டிப் பறந்து வந்து கணுக்காலையும் பாதத்தையும் தேடுவது. எட்டு வயதுப் பையன் நிற்கும்போது அவன் மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு அடி தூரமாவது இருக்கும். சட்டைக் காலரில் ஒட்டிய ஸ்டிக்கர் அதைவிடத் தூரம்.

‘நமக்கு வாசனை வருகிறதே’ என்பதுதான் பலரையும் ஏமாற்றுவது. நம் மூக்குக்கு வாசனை எட்டுகிறது என்பதற்கும், கொசுவைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அது தோல்மேல் அடர்த்தியாக நிற்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் இதை இன்னொரு வழியில் பார்த்தார்கள். காற்று வீசும் நீண்ட அறையில் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர்மேல் பட்டுவரும் காற்று எட்டும் இடத்தில், மூன்று அறைகள் கொண்ட கூண்டில் கொசுக்களை விட்டார்கள். அவை ஆளை நோக்கி நகர்கின்றனவா, விலகிப் போகின்றனவா என்று எண்ணினார்கள். பட்டைகள், உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஒலிக் கருவி, சிட்ரோனெல்லா மெழுகுவத்தி எதுவும் குறிப்பிடும்படி பலன் தரவில்லை. மாட்டிக்கொள்ளும் பொருள்களில் ஒன்று மட்டும் தேறியது. அது சிறு விசிறி வைத்து, மெட்டோஃப்ளூத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைக் காற்றில் ஊதும் கருவி. வாசனைப் பட்டையும் அதுவும் ஒன்றல்ல.

இதே பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில் தோலில் ஒட்டிக்கொள்ளும் வைட்டமின் பி1 ஸ்டிக்கரையும் சோதித்தார்கள். அதுவும் கொசுவை விரட்டவில்லை. அதே வருடம், புதினா எண்ணெய்ப் பட்டை ஐந்து அடி சுற்றளவில் கொசுவைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது, ஆதாரம் இல்லை என்று சொல்லி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

கொசுவின் காதுக்கு என்ன கேட்கும்?

செல்போன் ஆப் கதை வேறு. அதில் தப்பான இடத்தில்கூட மருந்து இல்லை.

இந்த ஆப்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆண் கொசுவின் ஒலி கேட்டால் கருவுற்ற பெண் கொசு ஓடிவிடும் என்பது. இன்னொன்று, வௌவால் போன்ற எதிரிகளின் ஒலி கேட்டால் பயந்து விலகும் என்பது. அதற்காக மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்புவதாகச் சொல்கின்றன.

கொசுவுக்குக் கேட்கும் திறன் இருக்கிறது என்பது உண்மை. அதன் உணர்கொம்பின் அடியில் அதற்கென ஓர் உறுப்பே உண்டு. 1855-ல் அதை விவரித்தவரின் பெயரால் ஜான்ஸ்டன் உறுப்பு என்று அழைக்கிறார்கள். ஆனால் அந்தக் காது முக்கியமாக எதற்கு? ஆண் கொசு தன் ஜோடியைச் சிறகோசையை வைத்துக் கண்டுபிடிப்பதற்கு. பெண் கொசுவின் சிறகு நொடிக்குச் சுமார் 400 முதல் 600 முறை அடிக்கும். நம் காதோரம் ‘ஙொய்’ என்று கேட்பது அந்த ஒலிதான். நமக்கே நன்றாகக் கேட்கும் ஒலி அது. நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் போகும் மீயொலி, கொசுக்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒலியிலிருந்து வெகு தூரம்.

செல்போன் ஸ்பீக்கருக்கும் ஒரு வரம்பு உண்டு. மனிதக் குரலையும் பாட்டையும் ஒலிக்கச் செய்யப்பட்டது அது. அந்த உயரத்துக்குப் போகப் போக அதிலிருந்து வரும் ஒலி மிகவும் நலிந்துவிடும். நமக்குக் கேட்காததால், ஆப் நிஜமாகவே ஏதாவது ஒலி எழுப்புகிறதா என்று நாம் சரிபார்க்கவும் முடியாது.

2007-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, மின்னணு ஒலிக் கருவிகளைப் பற்றி வெளியிடங்களில் செய்யப்பட்ட பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கருவி ஓடும்போதும் ஓடாதபோதும் மனிதத் தோலில் வந்து உட்கார்ந்த கொசுக்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுகளில் இருந்த 15 சோதனைகளில் 12-ல், கருவி ஓடியபோது வந்த கொசுக்கள்தான் கூடுதல். ஒலிக்கென்றே செய்த கருவிகளின் கதியே இது.

ஊறுகாய் பாட்டில் பரீட்சை

ராஜகுளம் வீட்டில் இதையெல்லாம் சொன்னது, விலங்கியல் படிக்கும் கொழுந்தன். அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை.

“அங்க இருக்கற கொசு வேற, நம்மூரு கொசு வேறயா இருக்கும் தம்பி.”

“அப்ப நம்மூரு கொசுவையே கேட்டுடலாம் அண்ணி.”

யாரையும் கடிக்க விடாமல் அவர் செய்த சோதனை இது. அகலமான வாயுள்ள ஊறுகாய் பாட்டில் ஒன்று. கட்டிலுக்கு அடியிலும் துணிக்கொடிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்த கொசுக்களை டம்ளரால் மூடிப் பிடித்தார். வயிறு சிவந்து உப்பியிருந்தவற்றை விட்டுவிட்டார். அவை ஏற்கெனவே குடித்தவை, அவற்றுக்குப் பசி இருக்காது. ஒல்லியான வயிறோடு இருந்த எட்டுக் கொசுக்கள் பாட்டிலுக்குள் போயின. வாயில் பழைய கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து ரப்பர் பேண்டால் இறுக்கினார்.

பிறகு உள்ளங்கையைத் துணிமேல் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்தார். சில நொடிகளில் கொசுக்கள் மேலே வந்து துணியில் ஒட்டிக்கொண்டு, துளைகள் வழியே ஊசியை நீட்டின. கையை எடுத்தார், கொஞ்ச நேரத்தில் அவை கலைந்தன. ஆப்பை ஓடவிட்டு போனைப் பாட்டிலோடு ஒட்டி வைத்தார், மறுபடி கையை நீட்டினார். அதே போல் வந்தன. ஆப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்போதும் வந்தன. பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். விரல்களுக்கு நேர் கீழே வந்து குவிந்தன. பட்டையைக் கழற்றித் துணிமேலேயே வைத்தபோது மட்டும், அது இருந்த இடத்தைக் கொசுக்கள் கொஞ்சம் தவிர்த்தன. அதாவது, எண்ணெய் கொசுவுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அதன் எல்லை அந்தப் பட்டையின் அகலம் மட்டுமே.

வாசனை ஒட்டிக்கொண்டு குழப்பக் கூடாது என்பதற்காகக் கொசு விரட்டி கிரீமைக் கடைசியில் எடுத்தார். உள்ளங்கை முழுதும் தடவி நீட்டியபோது துணிக்கு வந்த கொசுக்கள் குறைந்தன. முடிந்ததும் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கதையை முடித்தார்.

“ஒரு பாட்டில், எட்டுக் கொசு, ஒரே சாயங்காலம். இத வெச்சு ஆராய்ச்சின்னு சொல்ல முடியாது அண்ணி. பலன் இருந்தா கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றார்.

அண்ணி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது வேறு. “காசு போனா போவுது தம்பி. இத கட்டிட்டோம்னு நெனச்சு ஒரு வாரமா முழுக்கால் பேன்ட் போட்டு விடாம, கிரீமும் தடவாம விட்டுட்டேனே.”

பட்டையால் வரும் பெரிய நஷ்டம் அதுதான். அது கொசுவைத் தடுக்கவில்லை, ஆனால் வேலை செய்யக்கூடிய மற்றவற்றை நாம் செய்யாமல் தடுத்துவிடுகிறது.

அப்படியானால் எது வேலை செய்யும்?

முதலில் லேபிளைப் படிக்க வேண்டும். வேலை செய்யும் விரட்டியின் லேபிளில் ரசாயனத்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். டீட், பிகாரிடின், ஐஆர்3535 ஆகியவை உலகம் முழுக்கச் சோதிக்கப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் கிரீம்களில் என்,என்-டைஎத்தில் பென்சமைடு 12 சதவீதம் என்று இருப்பதைப் பார்க்கலாம். ‘நூறு சதவீதம் இயற்கை எண்ணெய்கள்’ என்று மட்டும் போட்டு, எது, எவ்வளவு என்று சொல்லாத பொருளை நம்பிப் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாம்.

அடுத்து, தடவும் முறை. ஆடை மூடாத தோல் முழுவதிலும் மெல்லியதாகப் பரவ வேண்டும். கணுக்கால், பாதத்தின் மேல்பக்கம், காதுக்குப் பின்புறம் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். பெரியவர்கள் தங்கள் உள்ளங்கையில் எடுத்துக் குழந்தைக்குத் தடவ வேண்டும். குழந்தையின் விரல்களில், கண், வாய் அருகே, புண் உள்ள இடத்தில் தடவக் கூடாது. ஆடைக்கு உள்ளேயும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு எந்த விரட்டியும் தடவாமல் வலைக்குள் படுக்க வைப்பதே சரி. வியர்த்தாலும் தண்ணீர் பட்டாலும் பலன் குறையும். லேபிளில் சொன்ன நேரத்துக்குப் பிறகு மறுபடி தடவ வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

நேரமும் முக்கியம். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சூரியன் உதித்த பின் சில மணி நேரமும், மறைவதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு உச்சம். பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், திரும்பி வந்து தெருவில் விளையாடும் நேரமும் அதுதான். ராத்திரி மட்டும் கொசுவத்தி கொளுத்துவது சாக்கடைக் கொசுவுக்குச் சரி, டெங்குக் கொசுவுக்குத் தாமதம்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கொசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏடிஸ் கொசு ஏரியிலிருந்தோ நெல் வயலிலிருந்தோ வருவதில்லை. வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்னதாய்த் தேங்கும் தெளிந்த நீரில் பிறந்து, பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வாழ்வது. ராஜகுளம் வீட்டில் தண்ணீர்த் தொட்டியையும் குடங்களையும் மூடித்தான் வைத்திருந்தார்கள். கொசுப்புழு பார்க்க வந்த மஸ்தூர் பெண்மணி நேராகக் கொல்லைக்குப் போய், மிக்ஸி வந்த பிறகு ஓரமாகத் தள்ளப்பட்டிருந்த ஆட்டுக்கல்லின் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மழைத்தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு கவிழ்த்தோ மணல் போட்டு நிரப்பியோ வைக்க வேண்டும். முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருநாள் இதைச் செய்தால் புழு கொசுவாகும் முன்பே போய்விடும்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, பழைய டயர், தேங்காய் சிரட்டை, மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், ஆட்டுக்கல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வர அரை மணி நேரம் ஆகும். பட்டை வாங்கும் காசில் ஒரு தேங்காய் நார் பிரஷ்ஷும் ஒரு கிரீம் ட்யூபும் வாங்கினால் அவை இரண்டுக்கும் வேலை இருக்கிறது.